ஐன்டோப்ஃப், பைலாகே, அவுஃப்லவுஃப்: ஜெர்மன் உணவகத் திரையை வாசிக்கும் முறை

லைப்சிக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் இங்கே தங்கும் மூன்று வாரங்களிலும் பகல் நேரத்தில் நான் ஆய்வகத்தில் இருப்பேன் என்பதால், சில நாள்களாவது நீங்கள் தனியாகப் பல்கலைக்கழக உணவகத்திற்குச் சென்று சாப்பிட வேண்டியிருக்கும். அந்த உணவகத்தை இங்கே மென்சா என்கிறார்கள். மேசை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. வாசலில் இருக்கும் திரையில் அன்றைய உணவுகள் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டிருக்கும். இறைச்சியும் முட்டையும் தொடாத, ஆனால் பாலும் தயிரும் விரும்பிச் சாப்பிடுகிற உங்களுக்கு அவற்றில் எது பொருந்தும் என்று நீங்களே கண்டுகொள்வதற்காக, வாசிக்கும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்

ஜெர்மன் சொற்கள் ரயில் பெட்டிகளைப் போல நீண்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். நாம் "வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு" என்று சொல்லும்போது, அது குழம்பு என்பதைக் கடைசிச் சொல்தானே தெரிவிக்கிறது? முன்னால் வருபவை எதைக் கொண்டு செய்த குழம்பு என்பதை மட்டும் சொல்கின்றன. ஜெர்மன் மொழியிலும் இதே முறைதான். ஆகவே நீண்ட சொல்லைக் கண்டதும் அதன் வலது ஓரத்திற்குச் சென்று, கீழ்க்கண்ட மூன்றில் ஒன்று அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

```
Eintopf
Beilage
Auflauf
```

மேலிருந்து கீழாக இவற்றை ஐன்டோப்ஃப், பைலாகே, அவுஃப்லவுஃப் என்று வாசிக்க வேண்டும். இரண்டு சொற்களில் வரும் ei என்னும் எழுத்துச் சேர்க்கையை "ஐ" என்றும், au என்பதை "அவு" என்றும் ஒலிப்பார்கள். இது தெரிந்தால் பரிமாறுபவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்க முடியும்.

இரண்டாம் படி: ஐன்டோப்ஃப்

"ஐன்" என்றால் ஒன்று, "டோப்ஃப்" என்றால் பானை. பருப்போ பட்டாணியோ, உருளைக்கிழங்கு, கேரட், செலரிக் கிழங்கு முதலியவற்றோடு ஒரே பானையில் கெட்டியாக வெந்து, ஆழமான கிண்ணத்தில் வருவது இது. அதுவே முழுச் சாப்பாடு. கூட ஒரு துண்டு ரொட்டி தருவார்கள், அவ்வளவுதான். பருப்பில் செய்ததற்கு லின்ஸென்ஐன்டோப்ஃப் என்று பெயர். நாம் புளி சேர்ப்பதைப் போல, இங்கே பலர் இந்தப் பருப்புக் கலவையில் சிறிது வினிகர் விட்டுக் கொள்கிறார்கள். அந்தப் புளிப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நான் வந்த முதல் வாரத்தில், சாம்பாரை நினைவூட்டிய ஒரு பருப்பு ஐன்டோப்ஃபை, மேலே தொத்திறைச்சி இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினேன். இரண்டாவது கரண்டியிலேயே புகை வாசனையோடு இளஞ்சிவப்பான சிறு துண்டுகள் வந்தன. அவை ஷ்பெக் எனப்படும் பன்றிக் கொழுப்பிறைச்சி. அதைப் பானையின் அடியிலேயே வதக்கி, அதன்மேல் பருப்பைக் கொட்டி வேக வைப்பது இங்குள்ள பழைய வழக்கம். இறைச்சி தனித்துண்டாக மேலே இல்லாவிட்டாலும் சாற்றுக்குள் இருக்கக்கூடும் என்பதால், "தொத்திறைச்சி இல்லாமல் கொடுங்கள்" என்று கேட்பது ஐன்டோப்ஃபைப் பொறுத்தவரை போதாது. வரியின் அருகில் பின்வரும் இரண்டு சொற்களில் ஒன்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

```
vegetarisch
vegan
```

முதலாவது இறைச்சியும் மீனும் இல்லாதது. ஆனால் முட்டையும் பாலும் இருக்கலாம். இரண்டாவதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. உங்கள் பழக்கத்திற்கு இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவுஃப்லவுஃபைப் பற்றிச் சொல்லும்போது எழுதுகிறேன்.

மூன்றாம் படி: பைலாகே

நம் ஊர்க்காரர்களை அதிகமாகக் குழப்புவது இந்தச் சொல்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். "பக்கத்தில் வைப்பது" என்பதே இதன் நேர்ப்பொருள். செய்தித்தாளோடு சேர்த்துத் தரும் இணைப்பு இதழையும் இவர்கள் பைலாகே என்றே அழைக்கிறார்கள். இதைப் படித்ததும் தொட்டுக்கொள்ளும் கறி, கூட்டு, அப்பளம் போன்றவை உங்கள் மனத்தில் வரும். நானும் அப்படித்தான் புரிந்து வைத்திருந்தேன். ஆனால் நமக்குச் சோறுதான் சாப்பாடு, மற்றவை அதற்குத் துணை. இங்கோ இறைச்சித் துண்டோ மீனோ காய்கறி வடையோதான் சாப்பாடு, சோறு அதற்குத் துணை. சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், காய்கறி ஆகிய எல்லாமே பைலாகே என்ற ஒரே வகைக்குள் வந்துவிடும். அவற்றிலும் வயிற்றை நிரப்பும் கிழங்கு, சோறு போன்றவற்றைத் தனியே குறிப்பிட, கிழக்கு ஜெர்மனிக் காலத்து உணவகங்களில் புழங்கிய ஸெட்டிகுங்ஸ்பைலாகே என்ற சொல் உண்டு. "வயிறு நிறைக்கும் துணை" என்று அதைச் சொல்லலாம். இந்த ஊரில் அதை இன்றும் கேட்கலாம்.

இந்த வேறுபாடு தட்டில் எப்படித் தெரியும் என்றால், திரையில் முக்கிய உணவின் பெயர் மட்டும் இருந்து, பைலாகே எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், சில இடங்களில் வெறும் வடை மட்டுமே தட்டில் விழும். கிழங்கையும் காய்கறியையும் நீங்கள் தனியே கேட்க வேண்டும். அவற்றுக்குத் தனி விலையும் இருக்கலாம். கீழே உள்ள சொற்றொடர் இருந்தால், விருப்பமான துணையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பொருள்.

```
Beilage nach Wahl
```

காய்கறியாக இருப்பதாலேயே பைலாகே சைவமாகிவிடாது. ஸவர்க்ரவுட் என்ற புளித்த முட்டைக்கோஸையும், ப்ராட்கார்டோஃபெல்ன் என்ற வறுத்த உருளைக்கிழங்கையும் ஷ்பெக் சேர்த்துச் சமைப்பது மிகவும் வழக்கமானது. ஷ்பெட்ஸ்லே என்ற சிறு நூடுல்ஸ் மாவில் வழக்கமாக முட்டை இருக்கும். ஐயமின்றி வாங்கக்கூடியது ஸால்ட்ஸ்கார்டோஃபெல்ன். தோல் சீவிய உருளைக்கிழங்கை உப்புத் தண்ணீரில் வேகவைத்தது அது. வேறொன்றும் அதில் கிடையாது. சோறும் அவ்வாறே பெரும்பாலும் கவலையற்றது.

நான்காம் படி: அவுஃப்லவுஃப்

ஆழமான தட்டில் நூடுல்ஸ், உருளைக்கிழங்கு அல்லது காய்கறியை அடுக்கி, மேலே பாலாடைக் கலவையை ஊற்றி, பாலாடைக்கட்டியைத் தூவி, அடுப்புப் பெட்டிக்குள் வைத்து மேற்பரப்பு பொன்னிறமாகும் வரை வாட்டி எடுப்பது அவுஃப்லவுஃப். பரிமாறுபவர் தட்டையான கரண்டியால் சதுரமாக வெட்டித் தருவார். சூட்டில் மேலெழும்பி உப்புவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. மக்கள் திரண்டு கூடுவதையும் இதே சொல்லால் குறிப்பார்கள் என்பதால், அகராதியில் "கூட்டம்" என்ற பொருளைக் கண்டால் குழம்ப வேண்டாம். இதற்குத் துணை எதுவும் தேவையில்லை. கிழங்கு உள்ளேயே இருக்கிறது.

அந்தப் பெயருக்குள்ளேயே உங்களுக்கான எச்சரிக்கையும் இருக்கிறது. மேலெழும்பவும், வெட்டும்போது சிதறாமல் நிற்கவும் பெரும்பாலான செய்முறைகளில் பாலோடு முட்டையை அடித்துச் சேர்க்கிறார்கள். பாலாடையும் மாவும் மட்டும் சேர்த்துக் கெட்டியாக்கும் சமையலறைகளும் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய 14 பொருள்களை இத்தகைய உணவகங்களும் தெரிவித்தாக வேண்டும். முட்டையும் அந்தப் பதினான்கில் ஒன்று. உணவின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் சிறிய எழுத்துகள் இதற்காகத்தான். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பது உணவகத்திற்கு உணவகம் மாறும் என்பதால், எழுத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். சுவரிலோ திரையின் அடியிலோ உள்ள விளக்கப் பட்டியலில் இந்தச் சொல்லைத் தேடி, அதற்கு நேரே உள்ள எழுத்தை அன்றன்று பார்த்துக் கொள்ளுங்கள்.

```
Eier
```

முட்டைகள் என்று பொருள். பட்டியலில் வேறொரு பெயரோடு ஒட்டியும் வரக்கூடும்.

ஐந்தாம் படி: ஒரு நாளின் திரையை முழுதாக வாசிப்போம்

திரையில் இப்படி மூன்று வரிகள் இருப்பதாகவும், விளக்கப் பட்டியலில் முட்டைக்கு c என்ற எழுத்தும் பாலுக்கு g என்ற எழுத்தும் இருப்பதாகவும் வைத்துக் கொள்வோம்.

```
Linseneintopf mit Würstchen (a, i, j)
Kartoffelauflauf, vegetarisch (c, g)
Gemüsefrikadelle mit Kräuterquark,
  Beilage nach Wahl, vegetarisch (a, c, g)
```

முதல் வரியின் நீண்ட சொல் ஐன்டோப்ஃபில் முடிகிறது. முன்னால் உள்ளது பருப்பு. mit என்றால் "உடன்". உடன் வருவது தொத்திறைச்சி. சைவக் குறிப்பும் இல்லை. ஆகவே இதை விட்டுவிடுங்கள், தொத்திறைச்சியை எடுத்துவிட்டும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது உருளைக்கிழங்கு அவுஃப்லவுஃப். சைவக் குறிப்பு இருக்கிறது; ஆனால் c இருப்பதால் முட்டை சேர்ந்திருக்கிறது. இந்த எழுத்து இல்லாத நாளில் இதுவே உங்களுக்கு மிக நல்ல சாப்பாடாக இருந்திருக்கும்.

மூன்றாவது காய்கறி வடை. அதைப் பிடித்து வைக்க முட்டை சேர்த்திருப்பதால் இங்கும் c வந்துவிட்டது. ஆனாலும் இந்த வரியில்தான் உங்கள் சாப்பாடு ஒளிந்திருக்கிறது. வடையை விட்டுவிட்டு, உடன் வரும் க்ராய்ட்டர்க்வார்க்கையும் பைலாகேயையும் மட்டும் கேளுங்கள். க்வார்க் என்பது துணியில் வடிகட்டிய தயிரைப் போன்ற கெட்டியான பால் பொருள். அதில் பசுந்தழைகளை நறுக்கிப் போட்டிருப்பார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கும் க்வார்க்கும் சேர்ந்த தட்டு இங்கே அவசரத்திற்குச் செய்த ஏற்பாடாகத் தோன்றாது. வீடுகளில் விரும்பிச் சாப்பிடும் பழைய உணவே அது, அருகிலுள்ள லவுஸிட்ஸ் பகுதியில் ஆளிவிதை எண்ணெயும் ஊற்றிக் கொள்வார்கள். வடைக்கு மட்டும் c பொருந்துகிறதா, க்வார்க்கிற்கும் பொருந்துகிறதா என்பதை எழுத்து பிரித்துச் சொல்லாது. ஆகவே அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கும் வாங்குவதற்கும் இந்த இரண்டு வரிகள் போதும்.

```
Ist da Ei drin?
Nur Beilagen, bitte.
```

முதலாவது "இஸ்ட் டா ஐ ட்ரின்?", அதாவது இதில் முட்டை இருக்கிறதா என்பது. "நைன்" என்று பதில் வந்தால் இல்லை என்று பொருள். இரண்டாவது "நூர் பைலாகென், பிட்டே", அதாவது துணை உணவுகள் மட்டும் கொடுங்கள் என்பது. பணம் செலுத்தும் இடத்தில் மாணவர், பணியாளர், விருந்தினர் என மூன்று விலைகள் இருக்கும். நீங்கள் விருந்தினர் என்பதால் மூன்றாவது, அதிகமான விலையைத்தான் கேட்பார்கள். தவறாகக் கேட்டுவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் மட்டும் நானும் உடன் வந்து, விளக்கப் பட்டியல் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்