பிரேக்த்ரூ: ஆப்பை எப்போது இறக்குவது, அடிவரிசையை எப்போது காப்பது?

கடலூர் சில்வர் பீச்சில் உட்கார்ந்து ஆடவும் ஒரு செஸ் செட் போதும். ராஜா, ராணி உட்பட 16 காய்களையும் சிப்பாய் என்றே வைத்துக்கொண்டு முதல் இரண்டு வரிசைகளை நிரப்புங்கள். காய் நேராகவோ குறுக்காகவோ ஒரு கட்டம் முன்னே போகும்; வெட்டுவது குறுக்கே மட்டும். எதிராளியின் அடிவரிசையில் முதலில் கால் வைப்பவருக்கு வெற்றி. 2000-இல் டான் ட்ரொய்கா உருவாக்கிய ஆட்டம் இது. டிரா கிடையாது.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, அடிவரிசைக் காய்களை எல்லாம் ஒன்றுபோல் நினைத்து நகர்த்துவது. கட்டங்களை செஸ் முறையில், வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து a–h, வெள்ளையின் அடியிலிருந்து 1–8 என்று சொல்கிறேன். நீங்கள் வெள்ளை என்றால் b1, c1, f1, g1 ஆகிய நான்கும்தான் காவல். இந்த நான்கே இரண்டாம் வரிசையின் எட்டுக் கட்டங்களையும் காக்கின்றன. c1 கிளம்பிவிட்டால் b2, d2 இரண்டும் திறந்துவிடும். C3-க்கு வந்த கறுப்புக் காயை அப்புறம் தடுக்க முடியாது. அடியிலிருந்து ஆள் வேண்டுமென்றால் முதலில் d1, e1, பிறகு a1, h1.

சரி, நால்வர் காவல் இருந்தால் நிம்மதியா? இல்லை. கறுப்பிடம் b8, c8, f8, g8 காவலும் தொலைவில் ஒரு காயும் மட்டுமே இருக்கின்றன என்று வையுங்கள். அந்தக் காவலைப் பிளக்க முன்னே நிற்கும் உங்கள் காய்தான் ஆப்பு; அது d6-இல், துணைக்கு c5-இல் ஒரு காய். d6 காயை d7-க்குத் தள்ளுங்கள். அடுத்த நகர்வில் அது ஜெயித்துவிடும் என்பதால் c8 அதை வெட்டியே ஆகவேண்டும். உடனே c5 காய் b6-க்கு. c8 போனதால் b7-ஐக் காக்க ஆளில்லை. அடுத்து b7, அப்புறம் c8. b8 காவல் இடையில் எங்கே நகர்ந்தாலும் இன்னொரு வழி திறக்கிறது.

துணையில்லாத d6 பாய்ந்தால் ஒரு காய் வீண், அவ்வளவுதான். துணை இருந்தும் a7-இலோ c7-இலோ கறுப்புக் காய் நின்றால், b6-க்கு வந்ததும் வெட்டுப்படும். அதைப் பார்க்காமல் d7 தள்ளுவதுதான் நான் அதிகம் பார்க்கும் அவசரம்.

அவகாசத்தையும் எண்ணுங்கள். d7-க்குப் பதில் கட்டாய வெட்டு. அதன்பின் நீங்கள் முடிப்பதற்குள் கறுப்புக்கு இரண்டு நகர்வுகள் கிடைக்கும். அந்தத் தொலைவுக் காய் உங்கள் நான்காம் வரிசையில் இருந்தால் நீங்கள் முந்துவீர்கள். மூன்றாம் வரிசையில் இருந்து, அது நுழையும் கட்டத்துக்குக் காவலும் இல்லையென்றால் அவர் முந்துவார். காவல் இருந்தால் பயமில்லை: இரண்டாம் வரிசைக்கு வந்ததும் வெட்டிவிட்டு b7-ஐத் தொடரலாம்.

இந்த ஆட்டத்தில் சும்மா இருக்க அனுமதி இல்லை என்பதும் பலருக்கு மறந்துவிடுகிறது. ஓரத்து a, h காய்களை ஆரம்பத்திலேயே ஓடவிட்டால், நடுவே இருவரும் முட்டிக்கொண்டு நிற்கும்போது நகர்த்த வேறு காய் இருக்காது. காவலையே எடுக்க வேண்டிவரும். அப்படி நிற்கும்போது ஆபத்தில்லாத நகர்வுகள் யாரிடம் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். உங்களிடம் குறைவென்றால், காவல் கலைவதற்கு முன்பே ஆப்பை இறக்கிவிடுங்கள்.