‘மெட்’ என்று தொடங்கினால் எல்லாம் மெட்ஃபோர்மின் இல்லை

ஊரில் இருக்கும் பெரியம்மாவோ மாமியோ குளிசை அடைத்து வரும் வெள்ளித்தாள் காட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “தம்பி, இதை எப்பிடிப் போடுறது எண்டு பாத்துச் சொல்லு” என்று கேட்பது திருகோணமலைப் பக்கம் அநேகமான வீடுகளில் நடக்கிற விஷயம்தான். காட்டில் இருப்பது இங்கிலிஷ், அனுப்புகிறவருக்குக் கண்ணும் மங்கல், கை நடுங்கியதில் படமும் கலங்கல். வாசிக்கிறவர் தெரிந்த நாலு எழுத்தை வைத்து மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறார். பிழை வருகிற இடம் அதுதான்.

நான் சொல்லப்போவது ஒரேயொரு மருந்தைப் பற்றி. மெதோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு, அதாவது கை கால் மூட்டெல்லாம் வீங்கி விறைத்துப் போகிற வருத்தத்துக்கு, கிளினிக்கில் கொடுப்பார்கள். இந்த வருத்தத்துக்கு அதைக் கிழமையில் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம், உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிற பிழை இது.

சம்பூரில் இருக்கும் ஒரு பெரியம்மா, டவுனுக்கு வந்து கிளினிக் காட்டி மருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று வையுங்கள். பாமசியில் காட்டை வெட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள், பெயரின் பாதி வெட்டுப்பட்ட துண்டோடு போய்விட்டது. படத்தில் தெரிவது “M”, “E”, “T”, பிறகு பளபளப்பு. பார்த்தவுடன் மனதுக்கு வருவது மெட்ஃபோர்மின், ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் இருக்கிற சீனி வருத்தக் குளிசை. “காலையிலயும் இரவிலயும் சாப்பிட்டாப் பிறகு ஒவ்வொண்டு” என்று சொல்லிவிடுவது லேசு. ஆனால் அதே தொடக்கத்தில் மெட்டோப்ரோலோல் இருக்கிறது, அது பிரஷருக்கும் இதயத்துக்கும். மெட்ரோனிடசோல் இருக்கிறது, அது கிருமித் தொற்றுக்கு. மெதோட்ரெக்சேட்டும் இருக்கிறது. ஆகவே பெயர் முழுதாகத் தெரியாவிட்டால் ஊகிக்கக் கூடாது, அவ்வளவுதான். நிறத்தை வைத்தும் முடிவெடுக்காதீர்கள்: மெதோட்ரெக்சேட் பெரும்பாலும் சின்ன மஞ்சள் குளிசை, அதோடு சேர்த்துக் கொடுக்கிற ஃபோலிக் அசிட்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் குளிசை.

அடுத்த பிழை இலக்கத்தில். 2.5 மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கும், கலங்கல் படத்தில் நடுவில் இருக்கும் புள்ளி காணாமல் போய் 25 ஆகிவிடும். இதே மருந்து 10 மில்லிகிராம் குளிசையாகவும் வருகிறது, அங்கேதான் பெரிய குழப்பம். டொக்டர் கிழமைக்கு 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 2.5 குளிசையில் நாலு, 10 குளிசையில் ஒன்று. போன மாதம் நாலு போட்டுப் பழகியவருக்கு இந்த மாதம் வேறு காட் கிடைத்து, “வழமைபோல நாலு போடுங்கோ” என்று நீங்கள் சொன்னால் 40 மில்லிகிராம் உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறையும் புதுக் காட்டின் இலக்கத்தை வாசியுங்கள், போன மாத ஞாபகத்தில் பதில் சொல்லாதீர்கள்.

அதைவிட அடிப்படையான ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. காட்டில் இருப்பது மருந்தின் பெயர், ஒரு குளிசையில் எவ்வளவு இருக்கிறது, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி போன்றவைதான். இந்த நோயாளி எத்தனை, எந்த நாளில் போட வேண்டும் என்பது அதில் இல்லை. அது மருந்து போட்டுத் தருகிற கடதாசி உறையிலும் கிளினிக் கொப்பியிலும்தான் இருக்கும். காட்டின் படம் மட்டும் வந்தால் உறையையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் பெயரைத் தேடி அங்கே போட்டிருக்கும் அளவைச் சொல்லவே வேண்டாம், மெதோட்ரெக்சேட்டை வேறு நோய்களுக்கு வேறு விதமாகக் கொடுப்பார்கள், அந்தக் கணக்கு பெரியம்மாவுக்குப் பொருந்தாது.

சரி, நல்ல படம் எப்படி எடுக்கச் சொல்வது? வெள்ளித்தாளில் ஃபிளாஷ் பட்டால் எழுத்து வெள்ளையாக மறைந்துவிடும், அதை நிறுத்தச் சொல்லுங்கள். விறாந்தையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஒரு கறுப்புத் துணியில் காட்டை வைத்து, கையில் பிடிக்காமல், ஒரு சாண் உயரத்திலிருந்து எடுத்தால் போதும். ரொம்பக் கிட்டப் போனால்தான் கலங்கும். காலாவதித் திகதி சில காட்டில் மை இல்லாமல் அழுத்திப் பதித்திருக்கும், பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் அது நிழல் விழுந்து தெரியும். வட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் எழுத்து நசியாமல் வரும். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பெயரில் ஒரு எழுத்து சந்தேகமாக இருந்தால், மருந்து கொடுத்த பாமசியிலேயே காட்டையும் உறையையும் காட்டிக் கேட்க வேண்டும், அதுவரை அந்தக் குளிசையைப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்போது விளக்கிச் சொல்வது. உறையில் கிழமைக்கு ஒருமுறை 4 குளிசை என்று எழுதியிருக்கிறது, காட்டிலும் மெதோட்ரெக்சேட் 2.5 என்று தெளிவாகத் தெரிகிறது. “கிழமைக்கு ஒருக்கா நாலு” என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தால், மற்றக் குளிசையெல்லாம் தினமும் போடுகிறவர் ஒரு வாரத்துக்குள் இதையும் தினக்கணக்கில் சேர்த்துவிடுவார். நாளின் பெயரைச் சொல்ல வேண்டும். உறையில் நாள் எழுதியிருந்தால் அதே நாள், இல்லாவிட்டால் கிளினிக்கில் கேட்டு ஒன்றை முடிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு நல்லதுதான், ஆனால் விரதம் இருக்கிற ஆள் என்றால் வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டலோடு கிடப்பார், அதைவிட ஞாயிறு நல்லது.

“பெரியம்மா, இந்த மஞ்சள் குளிசை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு நாலையும் ஒண்டாப் போடுங்கோ. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் அதைத் தொடவே கூடாது, மூட்டு நொந்தாலும் கூடாது. மற்ற மஞ்சள் குளிசை வேற, அது வேற உறையில இருக்கட்டும்.” இப்படிச் சொல்லிவிட்டு, “விளங்கினதா?” என்று கேட்காதீர்கள், யாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். “எப்ப போடுவீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்” என்று கேளுங்கள். அவர் “ஞாயிறு இரவு நாலு” என்றால் சரி. “இரவில நாலு” என்றால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் உறையில் ‘ஞாயிறு மட்டும்’ என்று பேனையால் பெரிதாகத் தமிழில் எழுதிவைக்க, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் பரவாயில்லை. ஃபோலிக் அசிட் எந்த நாளில் என்பதையும் கிளினிக்கில் எழுதியபடி தனியாகச் சொல்லுங்கள், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் மாறிப்போகும்.

ஏற்கனவே மெதோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டுவிட்டார் என்று தெரியவந்தால், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும், அடுத்த கிளினிக் வரை காத்திருக்க முடியாது. வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை நோவு, காரணமில்லாமல் தோலில் கண்டல், மூச்சு வாங்குவது, இவை சில நாள் கழித்தும் வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வாகனம் கிடைக்காவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. இந்த மருந்தின் நஞ்சை முறிக்கிற மருந்து உண்டு, அது ஃபோலினிக் அசிட், ஆஸ்பத்திரியில் கொடுப்பது. வீட்டில் இருக்கும் ஃபோலிக் அசிட்டை அதற்குப் பதிலாகக் கூட்டிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். போகும்போது காட், உறை, கிளினிக் கொப்பி மூன்றையும் எடுத்துக்கொண்டு, எந்த நாளிலிருந்து எத்தனை போட்டார் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள், டொக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.