கேஷுவாலிட்டில "எங்களுக்கு அப்புறம் வந்தவங்கள ஏன் முதல்ல பாத்தீங்க"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி

கேஷுவாலிட்டிக்கு வர்றவங்கள்ல யார முதல்ல உள்ள அனுப்பணும்னு பாத்து பிரிக்கிற ட்ரையாஜ் டேபிள்ல உக்காந்து வேலை பாத்த நர்ஸ் நான். அங்க ஒரு நாளைக்கு பத்து தடவையாவது கேக்குற கேள்வி இது. கோபத்துல கேக்குறாங்க, ஆனா கேள்வி நியாயமானதுதான், அதனால விவரமா எழுதுறேன்.

முதல் தவறு, ட்ரையாஜ்னா யாருக்கு வியாதி பெருசுன்னு பாத்து வரிசை போடுறதுன்னு நினைக்கிறது. நாங்க பாக்குறது வேற, இந்த ஆள இன்னும் அரை மணி நேரம் காக்க வெச்சா இவருக்கு திரும்ப கிடைக்காதது எதாவது போயிடுமா, அவ்ளோதான் கேள்வி. நம்ம ஊரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிகள்ல தாய்னு சொல்ற விபத்து-அவசர சிகிச்சை திட்டத்துல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிப்பாங்க. சிவப்புன்னா உடனே, மஞ்சள்னா கொஞ்சம் பொறுக்கலாம் ஆனா கண்ணு அவங்க மேல இருக்கணும், பச்சைன்னா காத்திருக்கலாம். கலர் எல்லாம் நேரத்துக்குத்தான், வியாதிக்கு இல்ல.

ஒரு ராத்திரி நடந்தத சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன். எட்டே முக்கால் மணி, கிட்டத்தட்ட ஒரே நேரத்துல மூணு பேர். ஒரு தாத்தா, கேன்சர் முத்திப்போய் மாசக்கணக்கா படுக்கைல, ஆம்புலன்ஸ்ல வந்தார், ரெண்டு நாளா சாப்பிடல, எலும்பும் தோலுமா இருக்கார். ஒரு பத்து வயசு பையன், மணிக்கட்டு உடைஞ்சு வளைஞ்சு நிக்குது, அவன் அழற சத்தம் வெளி கேட் வரைக்கும் கேக்குது. மூணாவது ஒரு அம்மா, அம்பத்தெட்டு வயசு, சுகர் பேஷண்ட், ஆட்டோல வந்து நடந்தே உள்ள வந்தாங்க. அவங்க மகன் கூட இருந்தாரு, "ஒண்ணும் இல்ல சிஸ்டர், கேஸ் ட்ரபிள், மத்தியானம் பூரி சாப்டாங்க"ன்னாரு.

மூணு பேர்ல பெரிய நோயாளி தாத்தாதான், யாரும் மறுக்க முடியாது. ஆனா அவர் மூச்சு, பல்ஸ், ஆக்சிஜன் எல்லாம் ஒரே சீரா இருந்துச்சு, நினைவும் தெளிவு, அவருக்கு ட்ரிப்ஸ் ஒரு மணி நேரம் கழிச்சு ஏறினாலும் அவர் நிலைமை பெருசா மாறாது. பையனுக்கு விரல் நுனி சூடா, கலரா இருக்கான்னு பாத்தேன், ரத்த ஓட்டம் நல்லா இருந்துச்சு, கைய அசையாம கட்டி வலிக்கு மருந்து கொடுக்க சொல்லிட்டேன். அந்த அம்மாதான் முதல்ல உள்ள போனாங்க.

ஏன்னா நெத்தி ஈரமா இருந்துச்சு, ஃபேனுக்கு கீழ உக்காந்தும் வேர்வை. மேல் வயித்துல அழுத்துற மாதிரி இருக்குன்னாங்க. பல்ஸ் 54, பிபி 104/60. இந்த நம்பர தனியா பாத்தா யாரும் பதற மாட்டாங்க. நான் "வழக்கமா பிபி எவ்ளோ இருக்கும்மா?"ன்னு கேட்டேன், மாத்திரை போட்டும் 150 இருக்கும்னாங்க. அப்போ 104ங்கறது அவங்களுக்கு இறக்கம். ஹார்ட் அட்டாக்னு சந்தேகம் வந்தாலே பத்து நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்துடணும்ங்கறது விதி, எடுத்தோம், இதயத்தோட கீழ்ப்பக்க சுவர்ல அட்டாக். அந்த இடத்துல வர்ற அட்டாக் வயித்து வலி மாதிரி, வாந்தி மாதிரிதான் பல பேருக்கு காட்டும், பல்ஸும் குறையலாம். சுகர் இருக்கிறவங்களுக்கு, வயசானவங்களுக்கு நெஞ்சு வலியே வராம கூட அட்டாக் வரும். ரத்தக்குழாய் அடைச்சு நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துட்டே இருக்கும், திரும்ப வராது. தாத்தாகிட்ட அந்த மாதிரி ஓடுற கடிகாரம் அன்னைக்கு இல்ல.

இதுலயே ரெண்டாவது தவறும் இருக்கு. ட்ரையாஜ்ல உங்க முடிவ சொல்லாதீங்க, நடந்தத சொல்லுங்க. "கேஸ்", "மயக்கம்தான்", "டென்ஷன்"னு சொன்னா, கூட்டம் நெரியுற நேரத்துல ஒரு நர்ஸ் அத அப்படியே எழுதி பச்சைல போட்டுடறதுக்கு வாய்ப்பு இருக்கு, நாங்களும் தப்பு பண்றவங்கதான், அப்படி நடந்தும் இருக்கு. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, என்ன பண்ணிட்டு இருந்தாங்க, வேர்த்துச்சா, வழக்கமான பிபி என்ன, என்ன மாத்திரை போடுறாங்க, இவ்ளோ போதும். மாத்திரை அட்டையவே கொண்டு வந்துடுங்க. சில பிபி மாத்திரை பல்ஸ ஏற விடாது, அது தெரியாம பல்ஸ் நார்மல்னு பாத்து நாங்க ஏமாறலாம். வாய் கோணுச்சு, கை கால் வரலன்னா, கடைசியா அவங்க நல்லா இருந்தத எத்தனை மணிக்கு பாத்தீங்கன்னு கண்டிப்பா சொல்லுங்க, நீங்க கண்டுபிடிச்ச நேரம் இல்ல, நல்லா இருந்த நேரம். அடைப்ப கரைக்கிற ஊசி போடலாமா வேண்டாமாங்கறதுக்கு நாலரை மணி நேர கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பெருசாக்கி சொல்றதும் வேண்டாம். மூச்சே வரலன்னு முழு வாக்கியம் பேசி சொன்னா எங்களுக்கு தெரிஞ்சுடும், மூச்சு ரொம்ப திணறுறவங்க ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல சேத்து பேச மாட்டாங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப மனசுல உறுத்துறது. ஒரு தடவை மஞ்சள்னு சொல்லிட்டாங்க, இனி கூப்பிடுற வரைக்கும் அமைதியா உக்காரணும்னு நினைச்சு உக்காந்துடறது. ட்ரையாஜ் அந்த ஒரு நிமிஷத்தோட படம் மட்டும்தான். வண்டில விழுந்து ஹேண்டில்பார் வயித்துல குத்தின ஒரு தம்பி வந்தான், பிபி 120/80, பேசிட்டு இருந்தான், பல்ஸ் மட்டும் 112. வலி, பயம்னும் எடுத்துக்கலாம் இல்லையா. இளவயசு உடம்பு உள்ள ரத்தம் கசிஞ்சாலும் ரத்தக்குழாய சுருக்கி பிபிய தாங்கிப் பிடிச்சுட்டே இருக்கும், மொத்த ரத்தத்துல முப்பது சதவீதம் கிட்ட போற வரைக்கும் கூட பிபி விழாம இருக்கலாம், விழும்போது மொத்தமா விழும். அவன் அக்காதான் இருபது நிமிஷம் கழிச்சு ஓடி வந்து "சிஸ்டர், தண்ணி தண்ணின்னு கேக்குறான், கை சில்லுன்னு ஆயிடுச்சு, முன்ன மாதிரி பேசல"ன்னா. பல்ஸ் 136. மண்ணீரல் கிழிஞ்சிருந்துச்சு, நேரா ஆபரேஷன் தியேட்டர். அந்த அக்கா தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைப்பேன்.

அவ தண்ணி கொடுக்காம இருந்ததும் நல்லது. காத்திருக்கும்போது பாவம்னு டீ, பிஸ்கட் கொடுப்பாங்க, ஆபரேஷன் தேவைப்பட்டா நிறைஞ்ச வயிறு மயக்க மருந்து கொடுக்கும்போது நுரையீரலுக்கு ஆபத்து. கேட்டுட்டு கொடுங்க.

இன்னொரு இடம் இருக்கு, அங்க வரிசை தலைகீழா மாறும். சாதாரண நாள்ல இதயம் நின்னு ஒருத்தர் வந்தா மொத்த டீமும் அவர்கிட்டதான் ஓடும். ஆனா பஸ் கவிழ்ந்து நாப்பது பேர் ஒரே நேரத்துல வந்தா, மூச்சுப் பாதைய திறந்து விட்டும் மூச்சு வரலன்னா கருப்பு டேக் போட்டுட்டு அடுத்தவர்கிட்ட போயிடணும், ஏன்னா அந்த ஒருத்தருக்கு நாலு பேர் நின்னு நெஞ்ச அமுக்கிட்டு இருக்கிற நேரத்துல, தொடைல ரத்தம் பீறிடுற ரெண்டு பேர் கட்டு போட ஆள் இல்லாம போயிடுவாங்க. அத செய்யுற நர்ஸ பாத்து கல் நெஞ்சுன்னு திட்டுவாங்க. அந்த டேக்க கட்டின கை அன்னைக்கு ராத்திரி சோறு எடுத்து சாப்பிடாது, எனக்கு தெரியும்.

அன்னைக்கு அந்த தாத்தாவ பத்தே காலுக்கு உள்ள கூட்டிட்டு போனோம். அவர் மகன் முதல்ல சத்தம் போட்டவர்தான், நான் போய் பக்கத்துல உக்காந்து அப்பாவுக்கு என்ன பாத்தோம், ஏன் காக்க வெச்சோம், எது மாறினா உடனே என்னை கூப்பிடணும்னு சொன்னேன், மூச்சு வேகமாச்சுன்னா, கூப்பிட்டா பதில் குழறுச்சுன்னா. அதுக்கப்புறம் அவர் ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் அப்பா நெஞ்சு மேல கை வெச்சு மூச்ச எண்ணிட்டு இருந்தார்.