சேமித்த இரத்த மாதிரிகளில் எவற்றைச் சோதிப்பது? இரண்டு மாதிரியெடுப்பு முறைகள், படிப்படியாக

அமெரிக்காவில் ஆண் மருத்துவர்களைக் கொண்டு 1982-இல் தொடங்கிய ‘பிசிஷியன்ஸ் ஹெல்த் ஸ்டடி’ என்ற ஆய்வில் 22,071 பேர் சேர்ந்தனர்; அவர்களுள் 14,916 பேர் தொடக்கத்திலேயே இரத்தம் கொடுத்தனர். அந்த மாதிரிகள் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் (சி.ஆர்.பி.) இரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்ததா என்ற கேள்வி எழுந்தபோது, ஆய்வாளர்கள் 14,916 குப்பிகளையும் திறக்கவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், சிரை இரத்த உறைவு ஆகியவற்றில் ஒன்று வந்த 543 பேரையும், அவர்களுக்கு இணையாகத் தேர்ந்தெடுத்த 543 பேரையும் மட்டும் சோதித்தனர். 1997-இல் வெளியான அந்த ஆய்வில், சி.ஆர்.பி. அளவில் மேல் கால்பகுதியில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து, கீழ் கால்பகுதியினரைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது தெரியவந்தது.

ஒரு சோதனைக்கு ரூ.1,000 என்று வைத்துக்கொண்டால், எல்லோரையும் சோதிக்க ஏறக்குறைய ரூ.1.49 கோடி ஆகும். 1,086 பேருக்கு ரூ.10.86 லட்சம் போதும். பணத்தைவிட முக்கியமானது, ஒரு முறை செலவழித்த சீரம் திரும்ப வராது என்பதுதான். மீதியுள்ள குப்பிகள் அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கின்றன.

இவ்வளவு குறைத்தும் விடை கெடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. கோஹார்ட் என்பது ஆய்வில் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடரப்படும் முழுக் குழு. நோய் அரிதாக இருக்கும் கோஹார்ட்டில் தகவலின் பெரும்பகுதி நோயுற்றவர்களிடமே இருக்கிறது; நோயற்றவர்களின் சராசரி நிலையை அறிய அவர்கள் அத்தனை பேரும் தேவையில்லை. காரணிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லாத நிலையில், நோயுற்ற ஒருவருக்கு m ஒப்பீட்டாளர்களை எடுத்தால், முழுக் கோஹார்ட்டோடு ஒப்பிடுகையில் கிடைக்கும் திறன் தோராயமாக m/(m+1) ஆகும். ஒருவருக்கு ஒருவர் என்றால் 50%, நால்வர் என்றால் 80%, ஐவர் என்றால் 83%. நான்குக்கு மேல் செல்வதால் கிடைக்கும் பலன் மிகச் சிறியது என்பதை இதிலிருந்தே காணலாம்.

முதல் முறை: நெஸ்டட் கேஸ்-கன்ட்ரோல்

இதில் எல்லாம் ஒரே ஒரு செயலைப் பொறுத்தது: ஒருவருக்கு நோய் வந்த அந்த நேரத்தில் யார் யார் இன்னும் நோயின்றிக் கண்காணிப்பில் இருந்தார்கள் என்று பார்த்து, அவர்களுக்குள்ளிருந்து குலுக்கல் முறையில் ஒப்பீட்டாளர்களை எடுப்பது. ஆறு பேர் கொண்ட ஒரு கற்பனைக் கோஹார்ட்டில் இதைக் கையால் செய்து பார்ப்போம். அனைவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

- நபர் 1: 4-ஆம் ஆண்டில் மாரடைப்பு
- நபர் 2: 10 ஆண்டுகளும் நலம்
- நபர் 3: 3-ஆம் ஆண்டில் தொடர்பு அறுந்தது
- நபர் 4: 7-ஆம் ஆண்டில் மாரடைப்பு
- நபர் 5: 10 ஆண்டுகளும் நலம்
- நபர் 6: 6-ஆம் ஆண்டில் வேறு காரணத்தால் மரணம்

நபர் 1-க்கு நோய் வந்தபோது நபர் 3 ஏற்கெனவே வெளியேறிவிட்டார். ஆகவே ஒப்பீட்டாளர் 2, 4, 5, 6 ஆகியோரில் ஒருவராக இருக்க வேண்டும். நபர் 4-க்கு நோய் வந்தபோது 2, 5 ஆகிய இருவர் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். நபர் 2 இரண்டு முறையும் தேர்வானால் அதில் தவறில்லை. நோயுற்ற ஒருவரும் அவருடைய ஒப்பீட்டாளர்களும் சேர்ந்தது ஒரு தொகுதி; அவரை இரண்டு தொகுதிகளிலும் சேர்க்க வேண்டும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் நபர் 4. பின்னால் நோயுறப்போகிறவரை ஒப்பீட்டாளராக எடுக்கலாமா என்று தயங்கி, பலர் கடைசிவரை நலமாக இருந்தவர்களை மட்டும் பட்டியலிட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், சி.ஆர்.பி. உண்மையிலேயே ஆபத்தைக் கூட்டுவதாக இருக்கும்போது, அதிக அளவு உள்ளவர்கள் ஒப்பீட்டாளர் பட்டியலிலிருந்து திட்டமிட்டு நீக்கப்பட்டதுபோல் ஆகி, தொடர்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நான்காம் ஆண்டில் அவர் நலமாக இருந்தார். அன்றைய கணக்கில் அவர் ஒப்பீட்டாளர்தான். உங்கள் தரவில் ஒரே அடையாள எண் சில இடங்களில் ஒப்பீட்டாளராகவும் பிறகு நோயுற்றவராகவும் வருகிறதா என்று பாருங்கள். பெரிய கோஹார்ட்டில், நோய் அவ்வளவு அரிதாக இல்லாதபோது, அப்படி ஒருவர்கூட இல்லை என்றால் மாதிரியெடுப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆர் மொழியில் இதைச் செய்ய:

```r
library(Epi); library(survival)
set.seed(101)
ncc <- ccwc(entry = entry, exit = exit, fail = mi,
            controls = 4, match = smoke,
            include = list(id), data = cohort)
# ஆய்வகத்தில் crp அளந்து ncc-யுடன் இணைத்த பிறகு:
clogit(Fail ~ crp + strata(Set), data = ncc)
```

தொகுதிகளைப் பிரித்து ஒப்பிடுவதால் `strata(Set)` கட்டாயம். `match = smoke` என்று புகைப்பழக்கம் ஒத்தவர்களையே ஒரு தொகுதியில் இணைசேர்த்துவிட்டால், புகைப்பழக்கத்தின் விளைவை இந்த ஆய்விலேயே மதிப்பிட முடியாது. ஆகவே, அறிய விரும்பும் எதையும் இணைசேர்ப்பில் வைக்காதீர்கள்.

இரண்டாம் முறை: கேஸ்-கோஹார்ட்

மேற்கண்ட முறையில் ஒப்பீட்டாளர்கள் ஒரு குறிப்பிட்ட நோய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நாளை நீரிழிவையும் மறுநாள் புற்றுநோயையும் ஆராய நினைத்தால், பொதுவாக மீண்டும் புதியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இதற்கு மாற்றாக 1986-இல் புள்ளியியலாளர் பிரெண்டிஸ் முன்வைத்த முறையில், யாருக்கு நோய் வந்தது என்பதையே பார்க்காமல், தொடக்கத்தில் சேர்ந்த அனைவரிலிருந்தும் ஓர் உட்குழுவைக் குலுக்கி எடுக்கிறோம். அதனுடன், உட்குழுவுக்கு வெளியே நோயுற்ற அனைவரையும் சேர்க்கிறோம். அந்த ஓர் உட்குழுவே எல்லா நோய்களுக்கும் பொது ஒப்பீடாகப் பயன்படும்.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் நடந்த எபிக்-இன்டர்ஆக்ட் ஆய்வு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 3,40,234 பேரில் இரண்டாம் வகை நீரிழிவு புதிதாக வந்தவர்கள் 12,403 பேர். உட்குழுவில் 16,154 பேர். இரண்டிலும் இருந்தவர்கள் 778 பேர். ஆக 27,779 பேர், அதாவது கோஹார்ட்டில் சுமார் 8% பேர் மட்டுமே ஆய்வில் இடம்பெற்றனர்.

இந்த எண்களில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எடுத்த 27,779 பேரில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 45%. முழுக் கோஹார்ட்டிலோ சுமார் 3.6% மட்டுமே. எனவே நோய் வரும் நேரத்தைப் பகுப்பாயும் சாதாரணக் காக்ஸ் மாடலில் இத்தரவை அப்படியே இட்டால் விடை தவறாகும். உட்குழுவுக்கு வெளியே இருந்து வந்த நோயுற்றவர், நோய் வந்த கணத்தில் மட்டுமே கணக்கில் நுழைய வேண்டும். `survival` தொகுப்பின் `cch` இதைப் பார்த்துக்கொள்கிறது:

```r
cch(Surv(exit, dm) ~ crp, data = cc,
    subcoh = ~subcohort, id = ~id,
    cohort.size = 340234, method = "Prentice")
```

`cohort.size` என்பதில் உட்குழு எடுக்கப்பட்ட முழுக் கோஹார்ட்டின் எண்ணிக்கையைத் தர வேண்டும், `cc` கோப்பின் வரிசைகளின் எண்ணிக்கையை அல்ல. மேலே உள்ள கட்டளை எளிய குலுக்கலுக்குரியது. இன்டர்ஆக்ட் போல மையவாரியாக உட்குழு எடுத்திருந்தால், அந்தப் பிரிவுகளையும் பகுப்பாய்வில் கணக்கிட வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முடிவை ஆய்வகமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. சேமிப்புக் காலத்தில் மெல்லச் சிதையும் பொருளையோ, சோதனைக் கிட் மாறினால் அளவு மாறும் பொருளையோ அளப்பதாக இருந்தால் முதல் முறையே நல்லது. நோயுற்றவரையும் அவருடைய ஒப்பீட்டாளர்களையும் இரத்தம் எடுத்த தேதியை வைத்தும் இணைசேர்த்து, ஒரே தட்டில் அடுத்தடுத்த குழிகளில் வைத்து, யார் யார் என்று ஆய்வகப் பணியாளருக்குத் தெரிவிக்காமல் அளந்தால், கிட்டின் ஏற்றத்தாழ்வு தொகுதிக்குள் பெருமளவு அடிபட்டுப்போகும். கேஸ்-கோஹார்ட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. உட்குழுவை இவ்வாண்டு அளந்துவிட்டு நோயுற்றவர்களை மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய கிட்டில் அளந்தால், கிட்டின் வேறுபாடு நோயின் வேறுபாடாகத் தோன்றும். இதைக் கண்டறிய, ஒரே கலவைச் சீரத்தின் சிறு பங்குகளை ஒவ்வொரு தட்டிலும் வைத்து, அவற்றின் அளவு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்தால், உட்குழுவிலிருந்து சிலரையாவது புதிய கிட்டில் மீண்டும் அளந்து சரிசெய்ய வேண்டும். மரபணு வகை போல நாள்பட்டாலும் மாறாத ஒன்றை அளந்து, பல நோய்களோடு ஒப்பிடுவதாக இருந்தால் இந்தக் கவலை குறைவு. அங்கே கேஸ்-கோஹார்ட் தயங்காமல் தேர்ந்தெடுக்கத் தக்கது.