டிவி ரீசார்ஜ்: ‘11 மாதம் கட்டினால் 12 மாதம்’ என்ற கணக்கு எங்கே உதைக்கிறது

டிஷ்ஷோ கேபிளோ, பிளான்களை ஒப்பிடும்போது நாம் முதலில் பார்ப்பது மேலே பெரிதாகப் போட்டிருக்கும் விலையை, அப்புறம் சேனல் எண்ணிக்கையை. இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

விலையில் முதல் சிக்கல் ஜிஎஸ்டி. ஒரு இடத்தில் 18 சதவீத வரியைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள், இன்னொரு இடத்தில் சேர்க்காமல் போட்டிருப்பார்கள். வரி இல்லாமல் 200 ரூபாய் என்று இருந்தால் கையிலிருந்து போவது 236. நம் ஊரில் இன்னமும் பலர் ‘153 ரூபாய்க்கு நூறு சேனல்’ என்று ஒரு பழைய கணக்கைச் சொல்வார்கள். 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி வந்தபோது, சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்கான நெட்வொர்க் கட்டணத்துக்கு 100 சேனல் வரைக்கும் 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது, வரியோடு 153 ரூபாய் 40 காசு. அடுத்த வருடமே அதே 130-க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024-இல் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அதனால் 153-ஐ அளவுகோலாக வைத்து ‘இவன் அதிகம் வாங்குகிறான்’ என்று ஆபரேட்டரிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

சேனல் எண்ணிக்கை அதைவிட மோசம். ‘250 சேனல்’ என்று போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி எப்படியும் இலவசமாக வருகிற சேனல்கள், பாதி நமக்குப் புரியாத மொழி. 2019 விதியில் ஒரு எச்டி சேனல் இரண்டு சேனலாக வேறு கணக்கில் ஏறியது. வீட்டில் உண்மையிலேயே பார்ப்பதை ஒரு தாளில் எழுதுங்கள், பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. அதில் தந்தி டிவி, புதிய தலைமுறை மாதிரி இலவசச் செய்திச் சேனல்களை அடித்துவிட்டால் மிச்சமிருக்கும் கட்டணச் சேனல்களுக்குத்தான் பேக்கே தேவை. அந்தச் சின்னப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் போதும். அதே சேனல் எஸ்டியிலும் எச்டியிலும் இரண்டு தடவை உள்ளே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் காசு போகும். சேலத்தில் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஊர்த் திருவிழாவைக் காட்டுகிற லோக்கல் சேனல் டிஷ்ஷில் வராது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையை உட்கார்ந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பாட்டி இருந்தால் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதுதான்.

சரி, பெரிய ஓட்டை வேலிடிட்டியில்தான் இருக்கிறது. விலைகளை உதாரணத்துக்கு நானே வைத்துக்கொள்கிறேன், எல்லாம் வரி சேர்த்து. அம்மாபேட்டையில் ஒரு வீடு, கேபிளுக்கு மாதம் 230 ரூபாய், காலண்டர் மாதக் கணக்கு. டிஷ் பிளான் 240 ரூபாய், ஆனால் 30 நாள். பத்து ரூபாய்தானே வித்தியாசம், வருடத்துக்கு 120 என்று தோன்றும். கேபிளுக்கு வருடத்துக்கு 12 தடவை, 2,760 ரூபாய். டிஷ்ஷுக்கோ 30 நாளைப் பன்னிரண்டால் பெருக்கினால் 360 நாள்தான், மிச்சம் ஐந்து நாளுக்கு மறுபடி கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று பார்த்தால் 365 நாளுக்கு 2,920. வித்தியாசம் 160. 28 நாள் பேக் என்றால் இன்னும் விரியும். எதை ஒப்பிட்டாலும் நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதுதான் நேர்வழி, அதற்கு மேல் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம்.

இப்போது அதே டிஷ் கம்பெனி ‘11 மாதம் கட்டினால் 12 மாதம்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,640 ரூபாய்க்கு 360 நாள், நாளுக்கு 7 ரூபாய் 33 காசு. மாதாமாதம் கட்டுவதைவிட 240 லாபம், உண்மைதான். ஆனால் அந்த லாபம் சரியாக ஒரு மாதத்துக் காசு என்பதைக் கவனியுங்கள். வருடத்தில் 30 நாள் டிவி ஓடாமல் கிடந்தால், மாதாமாதம் கட்டுகிறவர் அந்த மாதம் ரீசார்ஜே செய்யாமல் விட்டு அதே 240-ஐ மிச்சம் பிடித்துவிடுவார். இரண்டு மாதம் ஓடாவிட்டால் அவருக்கு 2,400-தான் செலவு, வருட பிளான்காரருக்கு 2,640. பிளஸ் டூ பரீட்சை வருகிறது என்று பிப்ரவரியிலிருந்தே கனெக்‌ஷனை நிறுத்தி வைக்கிற வீடு சேலத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும், மே மாதம் முழுக்க ஊருக்குப் போகிற வீடும் உண்டு. இந்த வீடுகளுக்கு வருட பிளான் நஷ்டம். ஆறு மாதத்துக்கு 15 நாள் இலவசம் என்றாலும் இதே கதைதான், 15 நாள் சும்மா கிடந்தால் சலுகை கரைந்துவிடும். டிவியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி கம்பெனியிடம் கேட்க வழி இருக்கிறது. ஆனால் வருட சலுகையில் இருக்கும்போது அதை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

ஏற்காட்டில் வீடோ எஸ்டேட் பங்களாவோ வைத்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் மலையேறுகிறவர்கள் வருட பிளான் பக்கமே போக வேண்டாம். மலை மேலே இன்னொரு தொல்லையும் உண்டு. பனி மூட்டத்தால் சிக்னலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, கெடுப்பது கனமழைதான். டிஷ் தென்கிழக்கு வாக்கில் பார்த்து நிற்கும், அந்தப் பக்கம் சில்வர் ஓக் வளர்ந்து மறைத்தால் வெயில் நாளிலும் படம் உடையும். அதனால் அங்கே ஒரு மழைக்காலம் மாதாமாதம் கட்டி ஓட்டிப் பார்த்த பிறகே நீண்ட பிளானை யோசிக்கலாம்.

நீண்ட பிளானில் பேக்கை நடுவில் மாற்றுவதும் சிக்கல். ஐபிஎல்லுக்காக ஸ்போர்ட்ஸ் உள்ள பேக்கை வருடத்துக்கு எடுத்துவிட்டு, மே முடிந்ததும் குறைக்கலாம் என்று நினைத்தால், பேக்கை இறக்கினால் சலுகை ரத்து என்று நிபந்தனை இருக்கலாம். ஸ்போர்ட்ஸுக்கு மாதம் 30 ரூபாய் கூடுதல் என்றால் வருட பிளானில் 330 போகும், தேவைப்படும் மூன்று மாதத்துக்கு மட்டும் தனியாகச் சேர்த்தால் 90-தான்.

கடைசியாக, பலருக்குத் தெரியாமலேயே போகிற காசு. கடையிலோ பொதுவான பேமெண்ட் ஆப்பிலோ 2,640-ஐக் கட்டினால் பெரும்பாலும் அது வெறும் பேலன்ஸாகத்தான் ஏறும், வருட பிளானாக மாறாது. பேலன்ஸிலிருந்து நாளுக்கு 8 ரூபாய் வீதம் கழிந்தால் 330 நாள்தான் வரும், நடுவில் பேக் விலை ஏறினால் அதற்கும் குறையும். நீண்ட பிளானை கம்பெனியின் சொந்த ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ தேர்ந்தெடுத்தபின் பணம் கட்டுங்கள், கட்டியதும் முடிவுத் தேதியைப் பாருங்கள். ஜூன் 1-ஆம் தேதி கட்டினால் அது அடுத்த வருடம் மே கடைசி வாரத்தில் இருக்க வேண்டும். ஏப்ரல் கடைசி என்று காட்டினால் இலவச மாதம் ஏறவில்லை. சில நிறுவனங்கள் அந்த நாட்களைச் சில தினங்கள் கழித்து ஏற்றும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, அப்போதும் வராவிட்டால் ரசீது எண்ணோடு புகார் பதிவு செய்யுங்கள்.