ஜாக்கெட் மணக்கிறதா? அங்கேதான் சிக்கல்

போன வாரம் மாடி வீட்டுத் தம்பி தன் மழை ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, தண்ணி ஒட்டாம இருக்க அடிக்கிற ஸ்ப்ரே ஒரு பாட்டில் முழுசா அடிச்சுட்டேன். அப்பவும் தண்ணி உருள மாட்டேங்குது. டூப்ளிகேட்டா இருக்குமோ?" ஜாக்கெட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். கமகமவென்று மல்லிகை வாசனை. ஸ்ப்ரே மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஏனென்றால் இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை.

நான் பேசுவது பைக் கடை வாசலில் தொங்கும் ரப்பர் மாதிரியான ரெயின்கோட்டைப் பற்றி அல்ல. வியர்வை ஆவியை வெளியே விடும் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வைத்த ஜாக்கெட்டைப் பற்றி. அதில் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது நடுவில் இருக்கும் மெம்பிரேன். வெளித்துணியில் இருப்பது மிக மெல்லிய ஒரு பூச்சு. டி.டபிள்யூ.ஆர். என்பார்கள். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதுபோல மழைத்துளியை உருட்டிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. அந்தப் பூச்சு வேலை செய்யாவிட்டால் வெளித்துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும். துணி ஊறியிருந்தால் உள்ளே இருக்கும் வியர்வை ஆவிக்கு வெளியேற வழி இல்லை. அது உள்பக்கமே தண்ணீராகப் படியும். நாம் தொட்டுப் பார்த்துவிட்டு ஜாக்கெட் ஒழுகுகிறது என்போம். இது தொடங்கி, நாம் செய்யும் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒழுகல் என்று முடிவுகட்டுவது

உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஜாக்கெட்டின் தோள் பகுதியை வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு வாளியின் வாய்மேல் குழிவாக விரியுங்கள். குழியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு பத்து நிமிஷம் விடுங்கள். வெளித்துணி கருத்து ஊறியிருக்கிறது, அடிப்பக்கம் காய்ந்திருக்கிறது என்றால் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது, பூச்சுதான் படுத்திருக்கிறது. அடியில் துளி கட்டினால், அதுவும் தையல் ஓரமாகக் கட்டினால், கழுவியும் பயனில்லை, ஸ்ப்ரே அடித்தும் பயனில்லை. தையல்மேல் ஒட்டிய டேப்பைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பியின் ஜாக்கெட்டில் அடிப்பக்கம் சுத்தமாகக் காய்ந்திருந்தது.

சோப்பு தங்கிய துணிமேல் பூச்சு அடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பாட்டிலை இரண்டு தடவை வீணாக்கியவன் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிடர்ஜென்ட் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அழுக்கை எடுக்க அது நல்லதுதான். ஆனால் சரியாக அலசாமல் ஜாக்கெட்டில் தங்கிவிட்டால், எண்ணெய் முனை பூச்சோடு ஒட்டிக்கொள்ள, தண்ணீர் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மழைத்துளியை விரட்ட வேண்டிய துணி அதை வாவா என்று கூப்பிடும். கண்டிஷனர் இன்னும் மோசம். அது துணியில் தங்குவதற்கென்றே செய்யப்பட்டது. வாசனை இத்தனை நாள் நிற்கிறது என்றால், அந்தப் படலமும் அத்தனை நாள் நிற்கிறது என்று அர்த்தம். அதன்மேல் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு துணியைத் தொடுவதே இல்லை. படலத்தின்மேல் உட்கார்ந்து, இரண்டாவது மழையிலேயே அதோடு சேர்ந்து போய்விடும்.

சென்னையில் இதற்குத் தண்ணீரும் கூட்டாளி. என் வீட்டு போர் தண்ணீரில் குழாய்முனை முழுக்க வெள்ளை உப்பு. இப்படிக் கடினத் தண்ணீரில் நுரை வரவில்லை என்று டிடர்ஜென்டை இன்னொரு மூடி ஊற்றுவோம். பிறகு அதை அலசி எடுக்கவும் அதே தண்ணீர்தான். மெம்பிரேன் தயாரிப்பாளர்களிலேயே சிலர், சாதாரண லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமாகப் போட்டு இரண்டு தடவை அலசினால் போதும் என்கிறார்கள். நல்ல தண்ணீர் வரும் ஊரில் அது சரியாக இருக்கலாம். போர் தண்ணீர் வீட்டில் நான் அந்த வம்புக்குப் போகமாட்டேன். இதற்கென்றே விற்கும் நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரியான திரவத்தைத்தான் பயன்படுத்துகிறேன். இன்னொன்று, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துத் துணி துவைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் குழாய்த் தண்ணீரைவிட உப்பு அதிகம். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், ஜாக்கெட்டுக்கு வேண்டாம்.

தம்பியின் ஜாக்கெட்டை நாங்கள் கழுவிய விதம் இது. வாளியை முதலில் சோப்பு வாடை போகத் தேய்த்துக் கழுவினோம். மெஷினில் போடுவதாக இருந்தால் டிடர்ஜென்ட் ஊற்றும் தட்டைக் கழற்றிக் கழுவி, துணி இல்லாமல் ஒரு சுற்று ஓடவிட வேண்டும். அந்தத் தட்டில் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும், காரியத்தைக் கெடுக்க. பிறகு ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடி, சுமார் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் 100 மில்லி திரவம் கலந்து ஊறவைத்தோம். சென்னையில் தனியாகச் சுடவைக்க வேண்டியதில்லை, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில் வரும். சித்திரை மதியம் என்றால் அதைவிடக் கொதிக்கும், அப்போது காலையிலேயே பிடித்துவைக்க வேண்டும். கையால் அமுக்கி அமுக்கிக் கழுவினோம். காலர், மணிக்கட்டு, பேக் பட்டை உரசும் தோள், இந்த மூன்று இடத்திலும் ஸ்பாஞ்சால் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தோம். வியர்வையும் சன்ஸ்க்ரீனும் பஸ் புகையும் சேர்ந்து படிவது அங்கேதான். துணி பிரஷ் போட்டால் இருக்கிற பூச்சும் போய்விடும்.

அலசல்தான் நேரம் பிடித்தது. கடைசியாக அலசிய தண்ணீரைக் காலி வாட்டர் பாட்டிலில் பாதி பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். நுரை மேலே வந்து நின்றால் ஜாக்கெட்டில் இன்னும் சோப்பு இருக்கிறது. குலுக்கி நிறுத்தியதும் நுரை உடைந்து போனால் சரி. மூன்று தடவை அலசியும் நுரை நின்றது. தம்பி பொறுமை இழந்து "போதும்ணே" என்றான். ஆறாவது தடவைதான் அடங்கியது. கடைசி இரண்டு அலசலுக்கு மெட்ரோ தண்ணீர் எடுத்தோம். ஐப்பசியில் செய்வதாக இருந்தால் மாடியில் இரண்டு வாளியை வைத்து மழைத் தண்ணீரே பிடித்துக்கொள்வேன். உப்பே இல்லாத தண்ணீர் அதைவிட எங்கே கிடைக்கும்?

பூச்சு செத்துவிட்டது என்று அவசரப்படுவது

கழுவியதும் ஸ்ப்ரே பாட்டிலை எடுக்காதீர்கள். முதலில் சூடு கொடுத்துப் பாருங்கள். பூச்சின் நுண்ணிய இழைகள் புல் மாதிரி நிமிர்ந்து நிற்கும்போதுதான் துளி உருளும். உரசலிலும் அழுக்கிலும் அவை சாய்ந்துவிடுகின்றன. பல ஜாக்கெட்டில் பூச்சு போயிருக்காது, சாய்ந்துதான் இருக்கும். சூடு அதை நிமிர்த்தும். டிரையர் இருந்தால், காய்ந்த பிறகும் மிதமான சூட்டில் 20 நிமிஷம் ஓட்டுங்கள். நம் வீடுகளில் டிரையர் ஏது? அயர்ன் பாக்ஸை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, ஸ்டீம் அணைத்து, ஜாக்கெட்டின்மேல் ஒரு மெல்லிய துண்டு விரித்து மெதுவாக ஓட்டினால் போதும். லேபிளில் அயர்ன் படத்தின்மேல் குறுக்குக்கோடு இருந்தால் அயர்னைத் தொடாதீர்கள். மொட்டைமாடி வெயிலை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது துணியை வெளுக்கவைக்கும், இந்த வேலைக்குப் போதிய சூட்டைத் தராது. நிழலில் காயவைத்து அயர்ன் போடுங்கள்.

கழுவாத ஜாக்கெட்டுக்குச் சூடு கொடுக்கவே கூடாது. அழுக்கைப் பொரித்து ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும்.

தம்பியின் ஜாக்கெட்டில் அயர்ன் போட்ட பிறகு முதுகிலும் கையிலும் துளி உருண்டது. தோளில் மட்டும் கருத்தது. ஆக, புதிய பூச்சு தேவைப்பட்டது ஒரு முழ இடத்துக்குத்தான். அதற்கு அவன் ஏற்கெனவே ஒரு பாட்டிலைத் தீர்த்திருந்தான். என் பாட்டிலில் மிச்சம் இருந்ததை எடுத்தோம். ஜாக்கெட்டை நனைத்துப் பிழிந்து ஹாங்கரில் மாட்டி, ஒரு சாண் தள்ளி நின்று தோளிலும் தலைமூடியிலும் அடித்து, இரண்டு நிமிஷம் கழித்து ஈரத்துணியால் மிச்சத்தைத் துடைத்தோம். துடைக்காவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். அடித்த பிறகு சூடு வேண்டுமா என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். தண்ணீரில் கலந்து வருகிற சிலவற்றுக்குக் காற்றில் காய்ந்தாலே போதும், சிலவற்றுக்குச் சூடு கட்டாயம். லேபிளைப் படியுங்கள்.

வலைத்துணி லைனிங் ஜாக்கெட்டை பூச்சுத் திரவத்தில் முக்குவது

முக்கினால் உள்துணியும் தண்ணீரை ஒட்டவிடாது, வியர்வை உடம்பிலேயே வழியும். ஸ்ப்ரே வாங்குங்கள்.

இஸ்திரி வண்டியில் கொடுப்பது

கரி அயர்ன், நைலான் துணி. அப்புறம் உங்கள் இஷ்டம்.

வேகமான ஸ்பின்

தண்ணீர் வெளியேறாத துணிக்குள் நீர் தேங்கி டிரம் ஒரு பக்கம் சாய்ந்து அடிக்கும். மெஷின் போய்விடும், ஜாக்கெட்டுக்காக அழ நேரம் இருக்காது.

சென்னை மழையில் சோதித்துவிட்டு ஏமாந்துபோவது

தம்பி மறுநாளே ஓ.எம்.ஆரில் பைக்கில் போய்விட்டு வந்து, "வெளியே உருளுதுண்ணே, உள்ளே ஈரமாத்தான் இருக்கு" என்றான். பூச்சு என்ன செய்யும்? வியர்வை ஆவி மெம்பிரேன் வழியாக வெளியேற, உள்ளே ஈரப்பதம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் மழை நேரத்தில் காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது, உடம்புக்கும் காற்றுக்கும் சூட்டு வித்தியாசமும் கொஞ்சம்தான். எவ்வளவு விலையுள்ள ஜாக்கெட்டாக இருந்தாலும் இங்கே வியர்த்துத்தான் ஆக வேண்டும். அதே ஜாக்கெட்டை டிசம்பரில் கொடைக்கானலுக்குப் போட்டுக்கொண்டு போகட்டும், வித்தியாசம் அங்கே தெரியும்.

பைக் சீட்டுக்கடியில் ஈரத்தோடு சுருட்டி வைப்பது

ஈரமும் சூடும் சேர்ந்தால் உள்பக்கத்துப் பாலியூரித்தேன் பூச்சு சிதையும். உள்பக்கம் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். அந்த நிலைக்கு வந்த ஜாக்கெட்டை எந்தத் திரவமும் காப்பாற்றாது. நான் இரண்டு பாட்டில் வீணாக்கிய அந்தப் பழைய ஜாக்கெட் கடைசியில் அப்படித்தான் போனது. இப்போது அதன் முதுகுப்பகுதியை வெட்டி ஸ்கூட்டர் சீட்டின்மேல் போட்டிருக்கிறேன். மழை பெய்தால் அதன்மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது.