டிடிஏ பதிவேடு: பாதி அம்பூல் போட்டால் எப்படி எழுதுவது?

கொழும்பு வார்ட்டுக்குப் புதிதாக வரும் தாதிகள் மோர்பின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளின் கணக்கை எழுதும் டிடிஏ பதிவேட்டில் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அம்பூல் முழுவதும் போட்டால் எழுதுவது சுலபம், கொஞ்சம் போட்டு மிச்சத்தைக் கொட்டும்போதுதான் குழப்பம் வரும். அதையே எடுத்துக்கொள்வோம்.

இரவு 8.40. டொக்டர் மோர்பின் 3 மி.கி. எழுதியிருக்கிறார். அலுமாரியில் இருப்பது 1 மி.லீ.க்கு 15 மி.கி. கொண்ட அம்பூல். பதிவேட்டில் மிச்சம் 9.

1. திறப்பை வைத்திருப்பவரும் இன்னொரு தாதியும் சேர்ந்தே அலுமாரியைத் திறக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே எண்ணுங்கள். 9 இருந்தால் மட்டும் ஒன்றை எடுத்து, உள்ளே 8 இருப்பதைப் பார்த்துப் பூட்டுங்கள்.

2. அந்த இடத்திலேயே திகதி, நேரம், நோயாளியின் பெயர், பி.எச்.டி. இலக்கம், எழுதிய டொக்டரின் பெயர், மிச்சம் 8 எல்லாவற்றையும் எழுதுங்கள். மிச்சம் அம்பூல் கணக்கில்தான் வரும், மில்லிகிராமில் அல்ல. மருந்தின் பலம் வேறானால் பக்கமும் வேறு.

3. சேலைன் 14 மி.லீ. சேர்த்தால் மொத்தம் 15 மி.லீ., அதாவது 1 மி.லீ.க்கு 1 மி.கி. சிரிஞ்சில் பெயரும் பலமும் ஒட்டுங்கள். கட்டிலடியில் இருவரும் நோயாளியைச் சரிபார்த்த பிறகு 3 மி.லீ. கொடுங்கள்.

4. மீதி 12 மி.லீ.யை வார்ட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி, சாட்சியின் கண்முன்னே கொட்டுங்கள். பதிவேட்டில் “கொடுத்தது 3 மி.கி., கொட்டியது 12 மி.கி.” என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டையும் கூட்டினால் 15 வர வேண்டும். இங்கே மி.லீ. எழுதினால், எவ்வளவு சேலைன் கலந்தீர்கள் என்று தெரியாதவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. “நான் கொட்டிட்டேன், நீங்க சைன் பண்ணுங்க அக்கா” என்று கேட்டால் எந்த அக்காவும் சம்மதிக்கக் கூடாது. சாட்சிக் கையெழுத்து கண்ணால் பார்த்தவருக்கு மட்டும்தான்.

எழுத்தில் பிழை வந்தால் டிபெக்ஸ் பூசாதீர்கள், தாளையும் கிழிக்காதீர்கள். பழையது வாசிக்கக்கூடியபடி ஒரே கோடு போட்டு, சரியானதை எழுதி, இருவரும் கையெழுத்தும் திகதியும் இடுங்கள்.

அப்புறம் கையளிப்பு. காலை 7 மணிக்குப் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எண்ண வேண்டும். ஒருவர் அலுமாரியில் உள்ளதை எண்ணிச் சொல்ல, மற்றவர் பதிவேட்டைப் பார்க்கட்டும். பதிவேட்டு எண்ணை முதலில் வாசித்துவிட்டால் கண்ணுக்கும் அதே எண்தான் தெரியும். பெட்டி மூடியிருந்தாலும் திறந்து பாருங்கள், வெடித்த அம்பூலும் காலாவதித் திகதியும் அப்போதுதான் அகப்படும்.

பதிவேட்டில் 8, கையில் 7 என்றால்? எண்ணைத் திருத்த வேண்டாம், திறப்பையும் கைமாற்ற வேண்டாம். கடைசியாக இருவரும் ஒப்பமிட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கழியுங்கள். பக்கம் மாறும்போது மிச்சம் தவறாக ஏறியிருக்கலாம். பிறகு, மோர்பின் எழுதப்பட்ட நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளைப் பாருங்கள்: சீட்டில் கொடுத்ததாக இருந்து பதிவேட்டில் வரி இல்லையென்றால் விடை அங்கேதான். அந்த வரியை, மருந்து கொடுத்தவரே, எழுதும் நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து எழுத வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால், யாரும் வீட்டுக்குப் போவதற்கு முன் பொறுப்புச் சிஸ்டருக்கு அறிவியுங்கள்.